எல்லார் வாய்க்கும் வந்த பெயர்

நம் வயதுக்காரர் யாரையாவது புதிதாகப் பார்த்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்களை வீட்டில் என்னவென்று கூப்பிட்டார்கள்? ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைக் கேட்கவில்லை. அது வாத்தியாருக்கும் தபால்காரருக்கும் வைத்த பெயர். அதற்கு முன்னால், இடுப்புக்கு மேலே துணியில்லாமல் திரிந்த காலத்தில், சோறு ஆறிவிட்டது வா என்று எந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்?

கேட்டதும் பெரிய மனிதர்களெல்லாம் வெட்கப்படுவார்கள். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் 'மொட்டையா' என்று சொல்லிவிட்டுத் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். நானும் சிரிப்பேன். ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்பது சிரிப்பதற்காக இல்லை. ஒரு வீட்டுப் பெயரை ஒருவர் வாயிலிருந்து நான் பிடுங்கியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஏறக்குறைய ஐம்பது வருடமாகப் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

எங்கள் ஊர் வாலிநோக்கத்துக்குப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் உப்புப் பாத்திகள்தான். அய்யாவுக்கு உப்பளத்தில் வேலை. வீட்டில் அய்யா, அம்மா, அய்யாவைப் பெற்ற தாத்தா, நான், எனக்குப் பிறகு தம்பி. தம்பிக்கு அந்த வருடம் நாலரை வயது. வாய் வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். தாத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும் சத்தத்துக்குக்கூட ஓடி வருவான். ஆனால் பேச்சு என்று ஒன்றும் கிடையாது. பசித்தாலும் 'ம்ம்', தூக்கம் வந்தாலும் 'ம்ம்'. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். இராமேசுவரத்துக்குக் கூட்டிப்போய்க் கடலில் முக்கினார்கள். அவன் உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு 'ம்ம்' என்றான். அந்த வழியில் அய்யா எனக்கு வாங்கிக்கொடுத்த சிவப்பு ரிப்பன் திரும்பும் வழியிலேயே தொலைந்துபோனது. அதற்கு நான் அழுத அழுகையில் தம்பிக்கு வாய் வராத துக்கத்தை எல்லோரும் கொஞ்ச நேரம் மறந்தார்கள்.

தை மாதம் தங்கச்சி பிறந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க அம்மாவைப் பெற்ற அம்மாச்சி கமுதிப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். பிறந்த அன்றே தாத்தாதான் சேனை தொட்டார். சீனித் தண்ணீரில் விரல் நுனியை நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைப்பது. வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். தாத்தாவின் கை நடுங்கியதில் பாதி கன்னத்தில் வழிந்தது. "குணம் கன்னத்தோட போச்சு" என்றாள் அம்மாச்சி.

முப்பதாம் நாள் தொட்டில் கட்டிப் பெயர் வைப்பதாக ஏற்பாடு. பெயரில் யாருக்கும் சந்தேகமில்லை. இறந்துபோன அப்பத்தாவின் பெயர். பேர்த்தி என்றால் பெயரைச் சுமக்கிறவள்தானே. குழந்தையின் வலது காதில் வெற்றிலையை மடித்து வைத்து, தாத்தா அந்தப் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக்கூடாது.

இருபதாம் நாள் தாத்தாவின் கடைசித் தம்பி இறந்துபோனார். பங்காளித் தீட்டு. பெயர் வைப்பது தள்ளிப்போனது. இனி ஒற்றைப்படை மாதத்தில்தான் வைக்கலாம் என்றார்கள். மூன்றாவது மாதமான பங்குனிக்கு நாள் பார்த்தார்கள். அந்தப் பங்குனியில் காலமில்லாத காலத்தில் மழை கொட்டி, வாரிக் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. விருந்து போட வழியில்லை. ஐந்தாவது மாதமான வைகாசிக்குப் போட்டார்கள்.

அதுவரைக்கும் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவது? ஆளுக்கு ஒன்று கூப்பிட்டார்கள். அம்மா 'குட்டி' என்றாள். அய்யா 'ஆத்தா' என்றார். அம்மாச்சி 'ராசாத்தி' என்றாள். தாத்தா தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். பிள்ளை யார் குரலுக்கும் திரும்பவில்லை. ஒருநாள் மதியம் கஞ்சி குடித்து முடித்ததும் அம்மாச்சி சட்டம் போட்டாள்.

"நாலு பேரு நாலு பேரு சொன்னா புள்ளைக்கு மண்டை கொழம்பிரும். எல்லார் வாய்க்கும் வார மாதிரி ஒண்ணு சொல்லுங்க. அதத்தான் எல்லாரும் கூப்புடணும்."

அது லேசான காரியம் என்றுதான் நினைத்தோம்.

வைகாசியில் அப்பத்தாவின் பெயரை வைத்தாலும் அம்மா அதைச் சொல்ல மாட்டாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வதா? எங்கள் அப்பத்தாவின் பெயரில் ஒரு நிறம் இருந்தது. அந்த நிறத்தையே அம்மா சொல்ல மாட்டாள். உப்பளத்து ஊரில் அந்த நிறத்தைச் சொல்லாமல் ஒருத்தி குடும்பம் நடத்தினாள் என்றால் பாருங்கள். உப்பு நன்றாக விளைந்திருந்தால் "சுண்ணாம்பாட்டம் கெடக்கு" என்பாள். எங்கள் ஆட்டை "அந்தக் கறுப்பு இல்லாத ஆடு" என்பாள். அய்யாவாலும் பெற்ற தாயின் பெயரைச் சொல்லி "வாடி, போடி" என்று பிள்ளையைக் கொஞ்ச முடியாது. தாத்தா பெண்டாட்டி பெயரை அவள் உயிரோடு இருந்தபோதே சொன்னதில்லை; காதில் மூன்று தடவை சொல்லப் போவதே அவருக்குப் பெரிய பாடு. ஆக, பெயர் வைத்த பிறகும் வீட்டுக்கு வேறு பெயர் வேண்டும்.

ராசாத்தி என்று அம்மாச்சி ஆரம்பித்தாள். தாத்தாவுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. 'ச' என்று சொன்னால் காற்று வரும், எழுத்து வராது. சொல்லிப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அம்மா 'செல்லம்' என்றாள். அது அய்யாவின் சின்னம்மா பெயர், உயிரோடு மூன்றாவது வீட்டில் இருக்கிறாள். பிள்ளையை வைது கூப்பிட்டால் சண்டைக்கு வருவாள். 'தங்கம்' என்றேன் நான். எதிர்வீட்டில் போன வருடம் இறந்துபோன பிள்ளைக்கு அதுதான் பெயர், வேண்டாம் என்றார்கள். 'குட்டி' என்றால் ஆடும் திரும்பிப் பார்க்கிறது. 'பாப்பா' என்று ஊரில் நாற்பது வயதில் ஒருத்தி இருக்கிறாள், மீசையோடு.

"கடைசி எழுத்து இழுக்க வரணும்" என்றார் அய்யா. "பாத்தியில நின்னு கூப்புட்டாக் காத்துல நிக்கணும்ல."

அது தொழில் தெரிந்த பேச்சு. எங்கள் ஊர்க் காற்றில் பாதிப் பெயர்தான் போய்ச் சேரும். கடைசியில் இழுக்கிற பெயராக இருந்தால்தான் பிள்ளை வீட்டுக்கு வரும்.

"இவனுக்கும் வரணும்" என்று அம்மா தம்பியைக் காட்டினாள். எதுவும் வராதவனுக்கு எது வரும் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அம்மா விடவில்லை. "அவன் உதட்ட மூடிக்கிட்டுத்தான ம்ம்முங்கான். உதட்டுலயே வாரதா ஒரு பேரு சொல்லுங்க" என்றாள்.

பொம்மு என்று யார் சொன்னது என்பதில் பிறகு பெரிய வழக்கு நடந்தது. நான்தான் என்று நான் சொல்வேன். அம்மாச்சி வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு, சாறு சிந்தாமல் முகத்தை மேலே தூக்கி, "பொம்மு" என்றாள். வந்தது. தாத்தா ஈறால் சொன்னார், வந்தது. அய்யா வாசலில் இறங்கி நின்று "பொம்மூ" என்று இழுத்தார். பாத்திவரைக்கும் போனது. எந்தப் பெரியவருக்கும் அந்தப் பெயர் இல்லை, எந்தச் செத்த பிள்ளைக்கும் இல்லை. அம்மா தூளிக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகச் சொன்னாள். பிள்ளை திரும்பவில்லை. "பழகணும்" என்றாள்.

பழகுவதற்கும் முறை வைத்திருந்தாள் அம்மாச்சி. பால் கொடுக்கும்போது ஒரு தடவை, குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டும்போது ஒரு தடவை, தூளியை ஆட்டும்போது ஆட்டத்துக்கு ஒரு தடவை. அழும்போது மட்டும் சொல்லக்கூடாது. அழுகையும் பெயரும் சேர்ந்துவிடும். எல்லோரும் ஒரே மாதிரி, முதல் எழுத்தை அமுக்கிச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளை என் குரலுக்குக் கண்ணைத் திருப்பியது. சித்திரை பிறந்தபோது யார் எங்கிருந்து சொன்னாலும் முழுத் தலையும் திரும்பியது. அந்தத் தலை திரும்புவதைப் பார்ப்பதற்காகவே எல்லோரும் காரணமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். "கழுத்து சுளுக்கிக்கிரும், விடுங்க" என்று அம்மா வைவாள்.

தம்பி தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் காலை நான் சாணி அள்ளிவிட்டு உள்ளே வருகிறேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். தம்பி தூளிக்குள் தலையை விட்டுக்கொண்டு, உதட்டை இரண்டு தடவை ஒட்டிப் பிரித்து, பிறகு தெளிவாகச் சொன்னான்.

"பொம்மு."

உள்ளே பிள்ளை சிரித்தது. அம்மா உலைமூடியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "யாருடி சொன்னது" என்று என்னைக் கேட்டாள். நான் அவனைக் காட்டினேன். அவன் இன்னொரு தடவை சொன்னான். தாத்தாவிடம் போய்க் காதில் கத்தினேன். அவர் அழுதார். பல்லில்லாத வாய் அழும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தம்பிக்கு அது ஒன்றே எல்லாவற்றுக்கும் பேச்சு. பசித்தால் பொம்மு. மாடு வந்தால் பொம்மு. அய்யா தூரத்தில் வருவது தெரிந்தால் பொம்மு. ஒரே சாவியை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற பூட்டையெல்லாம் திறந்து பார்த்தான். சொல்லும் தொனியில் எங்களுக்கு அர்த்தம் புரிந்தது. "இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால மத்ததெல்லாம் வரிசையா வரும் பாரு" என்று அய்யா சொல்லிக்கொண்டே இருந்தார். வந்திருக்கும். நான் அதை இப்போதும் நம்புகிறேன்.

சித்திரைக் கடைசியில் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. கமுதியில் கட்டிக்கொடுத்திருந்தது; மிளகாயும் பருத்தியும் விளைகிற நிலம், ஓட்டு வீடு. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. சாயல்குடிவரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கேயிருந்து வண்டி பிடித்து வந்தவள், வந்ததும் தூளிக்கு நேராகப் போகாமல் கையைக் கழுவிக்கொண்டு தள்ளியே உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

அம்மாச்சிதான் பேச்சை எடுத்தாள். பெரியப்பா வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளப் பெண் பார்த்துவிட்டாராம். ஆவணியில் முகூர்த்தமாம். வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"பேரு வச்சிட்டம்னா இந்த வீட்டுப் புள்ள" என்றாள் அம்மாச்சி. "இன்னும் வைக்கலல்ல. அவ வீட்டுல வச்சு, அவங்க கொலத்துப் பேர வச்சா, அவ புள்ள."

அம்மா பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்தே அம்மாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். உப்பு கரைந்த வருடம். தாத்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. "நீ குடுக்காட்டியும் நான் உன் அக்காதான். நாளைக்குக் கருக்கல்ல வண்டிக்குச் சொல்லிரு" என்றாள். அதுதான் அம்மாவை உடைத்தது என்று நினைக்கிறேன். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பாள்.

பெரியவர்கள் யாரையும் நான் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கூடப்பிறந்த அக்கா வாழாவெட்டியாக நிற்பாள் என்றால் கொடுக்கத்தான் செய்வார்கள். ஆனால் நாலு நாளில் எல்லோரும் கூடிப் பேசியதில் ஒருவர்கூடத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையைக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தார்கள். அவனுடைய பேச்சையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

புறப்படும்போது பெரியம்மா அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்தப் பேரச் சொல்லி இனிமே யாரும் கூப்புடக் கூடாது தங்கச்சி. அங்கன வச்சும் வேணாம், இங்கன வச்சும் வேணாம். அது திரும்பிப் பாக்குது. என் வீட்டுல இருந்துக்கிட்டு ஒன் வீட்டுப் பேருக்குத் திரும்புச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

"கூப்புடல" என்றாள் அம்மா. வண்டிச் சக்கரத்தின் மணல் தடத்தில் தம்பி கொஞ்ச தூரம் ஓடினான். "பொம்மு, பொம்மு" என்றான். வண்டிக்குள் ஒரு சின்னத் தலை திரும்பியிருக்கும். பெரியம்மா முந்தானையால் மூடியிருப்பாள்.

வைகாசியில் கமுதியில் பெயர் வைத்தார்கள். பெரியப்பாவைப் பெற்றவளின் பெயர். அம்மாச்சிதான் வந்து சொன்னாள். அந்தப் பெயரைப் பெரியம்மா சொல்லக் கூடாது என்பதால் 'தாயி' என்று கூப்பிடுகிறாளாம். கேட்டுவிட்டு அம்மா தூளியை அவிழ்த்தாள். நீலப் பூப்போட்ட பழைய சேலை அது. துவைத்து மடித்து எங்கே வைத்தாளோ, பிறகு நான் பார்த்ததேயில்லை.

தூளி இல்லாத உத்தரத்தின் கீழே நின்றுகொண்டு தம்பி கூப்பிட்டான். காலையில் எழுந்ததும் கூப்பிட்டான். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். அம்மாவுக்கு மார்பில் பால் கட்டியிருந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் ரவிக்கை நனையும். முதலில் அவன் வாயைக் கையால் பொத்தினாள். பிறகு கெஞ்சினாள். ஒருநாள் அறைந்துவிட்டாள். அறைந்த கையைத் தூணில் அடித்துக்கொண்டாள். தாத்தாவும் சுவரைப் பார்த்து அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அவர் வாயை யார் பொத்துவது?

ஆடியில் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பெரியம்மா பிள்ளையோடு வருவதாகச் சொல்லி அனுப்பினாள். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, அவ வாரதுக்குள்ள இவன் வாய எப்படியாச்சும் நிப்பாட்டு. அவ கேட்டா செத்துருவா. நான் குடுத்த வாக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்களால் முடியாத வேலை எனக்கு வந்திருக்கிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு பாத்தி வரப்புக்குப் போனேன். மதிய வெயில். உப்புப் பூத்துக் கண்ணைக் கூசியது. அவன் வழக்கம்போலக் கடலைக் காட்டி, "பொம்மு" என்றான். நான் அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஏலே, இங்க பாரு. அந்தப் பேர நீ சொன்னா பாப்பா செத்துப் போகும். எதிர்வீட்டுத் தங்கம் செத்துச்சுல்ல, குழியில வச்சு மூடுனாகள்ல, அதே மாதிரி. நீ சொல்லச் சொல்லச் செத்துக்கிட்டே வரும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பேச்சு வரவில்லையே தவிர, சொல்வதெல்லாம் அவனுக்கு விளங்கும். எதிர்வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோனதை அவன் அய்யாவின் தோளில் இருந்து பார்த்தவன். உதடு ஒட்டியது, அந்தப் பெயர் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவனே தன் இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டு விரலில் உப்பு ஒட்டியிருந்தது. அப்படியே வீடுவரைக்கும் பொத்திக்கொண்டு வந்தான்.

அதோடு நின்றது. அந்தப் பெயர் மட்டுமில்லை, எல்லாமே. முன்பிருந்த 'ம்ம்' கூட நின்றுபோனது. "எம் மக கெட்டிக்காரி" என்று அம்மா எனக்குக் கருப்பட்டி கொடுத்தாள். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. எப்படி நிறுத்தினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாராவது அவனை உட்கார வைத்து, அது பொய்யடா என்று சொல்லியிருப்பார்கள். வந்த வாய் போய்விட்டது, அது அவன் விதி என்று ஊரும் வீடும் முடிவுசெய்துவிட்டன. ஆடியில் பெரியம்மா வந்தபோது அவன் ஆட்டுக் கொட்டிலுக்குள் ஒளிந்துகொண்டான். பிறகு அவள் வருவதும் குறைந்து நின்றது. தாத்தா ஐப்பசியில் போனார். அந்தப் பெயரைச் சொல்ல வீட்டில் ஆளில்லாமல் போனது.

நானும் மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? பள்ளிக்கூடம், ஊர்ச் சண்டை, கல்யாணம், பிள்ளைகள் என்று எனக்கு ஆயிரம் இருந்தது. தம்பி வளர்ந்து அய்யாவோடு உப்பு வாரினான். பேசாத ஆளுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

தங்கச்சிக்குப் பதினெட்டு வயதில் கமுதியில் கல்யாணம். ஒன்றுவிட்ட உறவுபோலத்தான் போனோம். அம்மா, தட்டைத் தூக்கிக்கொண்டு தம்பி, பின்னால் நான். மணவறைக்குப் பக்கத்தில் போனதும் அம்மா அவன் காதில், "ஒன் தங்கச்சிடா" என்றாள். பொண்ணு நிமிர்ந்து, யாரென்று சரியாகத் தெரியாமலே, "வாங்கண்ணே" என்றாள்.

தம்பியின் உதடு இரண்டும் ஒட்டியது. தட்டு வலது கைக்கு மாறியது. இடது கை எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. கண் இரண்டும் அவள்மேல் இருந்தது. பந்தலில் இருந்தவர்கள், "வெக்கத்தப் பாரு அண்ணனுக்கு" என்று சிரித்தார்கள். எனக்கு வரப்பும் வெயிலும் அவன் விரலில் ஒட்டியிருந்த உப்பும் மொத்தமாகத் திரும்பி வந்தது. பதினெட்டு வருடமாக அவன் அவளை உயிரோடு வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்கே அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். பொய்டா, நான் சொன்னது பொய், சொல்லு, ஒன்றும் ஆகாது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், முடியாது என்று. சும்மா சொல்லிப் பார்ப்பதற்கு அது என்ன அவன் உயிரா?

அய்யாவும் அம்மாவும் போன பிறகு தம்பி என்னோடுதான் இருந்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். தங்கச்சி நல்லது கெட்டதுக்கு வந்துபோவாள். போன மாசியில் அவனும் போய்விட்டான். எழுபது தாண்டியிருந்தது. தங்கச்சி கமுதியிலிருந்து வந்தாள். பெரியம்மா சாகும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம், அந்தப் பெயரைத் தவிர. வந்தவள் அழுது முடித்து, தம்பியின் தலைமாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, அண்ணன் என்னயப் பாக்கும்போதெல்லாம் எதுக்கு வாயப் பொத்திக்கிருவாரு? எம்மேல எதுவும் கோவமா?"

சொன்னேன். வரப்பில் நடந்தது முழுவதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "என்னா பேருக்கா அது?" என்று மட்டும் கேட்டாள்.

பல்லில்லாதவருக்கும் வெற்றிலை அடக்கியவளுக்கும் பேச்சே வராதவனுக்கும் வந்த பெயர். எனக்கு வரவில்லை. உதடு ஒட்டியதோடு சரி. கடைசியில் சுவரிலிருந்த நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

"செத்தவுகளுக்குக் காது கேக்குமாக்கா?"

"கேக்கும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

அவள் குனிந்து, தம்பியின் வலது காதில் உள்ளங்கையை மடித்து வைத்துக்கொண்டு, பெயர் வைக்கிறவர்கள் சொல்வதுபோல மூன்று தடவை சொன்னாள். அவளுக்கு அது முதல் தடவையே சரியாக வந்தது. சொல்லிவிட்டு நிமிர்ந்து, "நல்லாத்தான் இருக்கேன் அண்ணே" என்றாள்.